அப்வொர்க்கில் ப்ரொபோசலின் முதல் இரண்டு வரி: எதை எழுதினால் திறப்பார்கள்?

"அப்வொர்க்கில் வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் வேலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். 40 ப்ரொபோசல் போட்டாச்சு, திறந்து பார்த்ததே நாலைந்து பேர்தான். அனுபவத்தை எல்லாம் விளக்கமாகத்தான் எழுதுகிறேன். முதல் இரண்டு வரியில் என்னதான் எழுதணும்?"

கிளையண்டின் திரையில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வேலையைப் போட்டவர் தனக்கு வந்த ப்ரொபோசல்களை ஒரு பட்டியலாகப் பார்க்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு படம், பெயர், ப்ரொஃபைல் தலைப்பு, கேட்கும் தொகை, நாடு, இதுவரை சம்பாதித்தது, இருந்தால் ஜாப் சக்சஸ் ஸ்கோர். அதன் கீழே கவர் லெட்டரின் தொடக்கம் மட்டும், இரண்டு மூன்று வரி. கவர் லெட்டரில் 5,000 எழுத்து வரை எழுத இடம் உண்டு. ஆனால் பட்டியலில் அது முழுதாக வராது. பெயரைச் சொடுக்கினால்தான் மீதி விரியும். நீங்கள் விளக்கமாக எழுதிய அனுபவம் எல்லாம் அந்தச் சொடுக்குக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த இரண்டு மூன்று வரியைப் பெரும்பாலோர் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். "டியர் ஹைரிங் மேனேஜர்" என்பது ஆங்கிலத்தில் காற்புள்ளியோடு 20 எழுத்து. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன் என்ற வழக்கமான வாக்கியம் ஒரு 35. உங்கள் அறிவிப்பைக் கவனமாகப் படித்தேன், இந்த வேலையில் எனக்கு மிகுந்த ஆர்வம் என்பது இன்னொரு 85. மொத்தம் 140 எழுத்து போய்விட்டது, கிளையண்டுக்கு ஒரு தகவலும் போய்ச் சேரவில்லை. திரையின் அகலத்தைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும் என்றாலும், முதல் 150 எழுத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்று கணக்கு வைத்துக்கொண்டால் எந்தத் திரையிலும் தப்பாது.

இதற்கு அடுத்த தப்பு இன்னும் பரவலானது. "நான் இன்னார், 5 ஆண்டு அனுபவமுள்ள வேர்ட்பிரஸ் டெவலப்பர்" என்று தொடங்குவது. பெயர் அந்த வரிக்கு ஒரு அங்குலம் மேலேயே இருக்கிறது. வேர்ட்பிரஸ் டெவலப்பர் என்பது தலைப்பில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கை ப்ரொஃபைல் சொல்லும். ஒரே செய்தியை அவர் கண்ணுக்கு இரண்டாம் முறை காட்டுகிறீர்கள், அதுவும் மற்ற முப்பது பேரும் அதையே எழுதியிருக்கும் பட்டியலில்.

ஆகவே அந்த இடத்தில் மிஞ்சுவது ஒன்றுதான்: அவருடைய வேலையைப் பற்றி நீங்கள் கண்டுபிடித்த ஒன்று. பாராட்டும் வாக்குறுதியும் அந்த இடத்துக்கு ஆகாது. எழுதிய வரி தேறுமா என்று பார்க்க ஒரே சோதனை போதும்: இதே வரியை இன்றைக்கு வந்திருக்கும் வேறொரு வூகாமர்ஸ் வேலைக்கு ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

இதை ஒரு மாதிரி அறிவிப்பை வைத்துப் பார்ப்போம். ஆங்கிலத்தில் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்; பொருள் இது:

"நாங்கள் காபிக்கொட்டை வறுத்து ஆன்லைனில் விற்கும் சிறிய கடை. வூகாமர்ஸ் தளம். மொபைலில் ரொம்ப மெதுவாகத் திறக்கிறது. இரண்டு கேச் ப்ளகின் போட்டுப் பார்த்தோம், வாங்குபவர்களுக்குக் கார்ட் காலியாகத் தெரிய ஆரம்பித்தது, எடுத்துவிட்டோம். அடுத்த மாதம் விளம்பரம் தொடங்குகிறோம், அதற்குள் சரியாக வேண்டும். வேகத்தைக் கூட்டத் தெரிந்தவர் தேவை."

இதில் பெரும்பாலோர் கண்ணில் படுவது "மெதுவாகத் திறக்கிறது" என்பதுதான். ஐம்பது பேர் வேகத்தைக் கூட்டுவேன் என்று எழுதுவார்கள், அதில் பாதிப்பேர் வேகச் சோதனையில் 90க்கு மேல் ஸ்கோர் தருவதாக வாக்குக் கொடுப்பார்கள். ஆனால் இந்த மனிதருக்கு உண்மையில் வலிப்பது நடுவில் இருக்கும் வாக்கியம். அவர் ஒருமுறை தானே முயன்றிருக்கிறார், விற்பனை கெட்டது, பயந்து பின்வாங்கியிருக்கிறார். வருகிறவர் மறுபடியும் கேச் ப்ளகின் போட்டுக் கார்ட்டைக் கெடுத்துவிடுவாரோ என்பதுதான் அவர் தேர்ந்தெடுக்கும்போது மனதில் ஓடும். அறிவிப்பைப் படிக்கும்போது தேட வேண்டியது இந்த மாதிரி வாக்கியத்தைத்தான்: ஏற்கெனவே என்ன செய்து பார்த்தார்கள், அது எங்கே தவறியது, எதற்கு அவசரம். அது பெரும்பாலும் அறிவிப்பின் தலைப்பில் இருக்காது. நடுவில் போகிறபோக்கில் சொல்லப்பட்டிருக்கும்.

அந்த அறிகுறிக்குக் காரணம் என்ன? பக்கக் கேச் என்பது ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது உருவான பிரதியைச் சேமித்து வைத்து, அடுத்து வருபவர்களுக்கு அதையே கொடுப்பது. முகப்புப் பக்கத்துக்கு அது சரி. கார்ட் பக்கத்தையும் அப்படிச் சேமித்தால், கார்ட் காலியாக இருந்த யாரோ ஒருவரின் பிரதி எல்லோருக்கும் போகும். அதனால் இந்த மூன்று பக்கமும் கேச்சிலிருந்து விலக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது வூகாமர்ஸில் பாலபாடம்:

```
/cart/
/checkout/
/my-account/
```

பக்கங்களின் முகவரியை யாராவது மாற்றியிருந்தாலோ, இரண்டு ப்ளகின் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடினாலோ, ஹோஸ்டிங் நிறுவனமே சர்வரில் தனியாகக் கேச் வைத்திருந்தாலோ இந்த விலக்கு வேலை செய்யாமல் போகும். வூகாமர்ஸ் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது, ஐம்பது பேரில் நாற்பத்தைந்து பேர் அதை எழுதப் போவதுமில்லை.

இப்போது வரியை எழுதலாம். கீழே எல்லாவற்றையும் தமிழில் பொருளாக மட்டும் தருகிறேன். ஆங்கிலத்தில் கொடுத்தால் ஒட்டிவிடத் தோன்றும், ஒட்டிய வரி அடுத்த வாரமே டெம்ப்ளேட் ஆகிவிடும்.

முதல் முயற்சி: "உங்கள் தளத்தின் வேகப் பிரச்சினையை நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன், நிச்சயம் தீர்த்துத் தருவேன்." மேலே சொன்ன சோதனையில் விழுந்துவிடும். புரிந்துகொண்டேன் என்பவர் எதைப் புரிந்துகொண்டார் என்பது அதில் இல்லை.

இரண்டாவது: "வூகாமர்ஸ் செஷன் குக்கி இருக்கும்போது ஃபுல் பேஜ் கேச் பைபாஸ் ஆகாததுதான் பிரச்சினை." விஷயம் சரி. ஆனால் காபிக்கொட்டை வறுப்பவருக்கு இது புரியாது. புரியாத வரியை யாரும் சொடுக்குவதில்லை. எவ்வளவு தொழில்நுட்பம் பேசலாம் என்பதற்கு அளவுகோல் அறிவிப்பிலேயே இருக்கிறது: அவர் எழுதிய சொற்கள். அவர் "கேச் ப்ளகின்" என்றும் "கார்ட்" என்றும் எழுதியிருக்கிறார், ஆகவே அந்த இரண்டும் அவருக்குத் தெரியும். குக்கி, செஷன் பற்றி அவர் எழுதவில்லை, நீங்களும் எழுத வேண்டாம். அறிவிப்பைப் போட்டவர் ஓர் ஏஜென்சியின் டெவலப்பராக இருந்து, அவரே குக்கி பெயரைச் சொல்லியிருந்தால் கணக்கு தலைகீழ். அங்கே இந்த இரண்டாவது வரிதான் எடுபடும்.

மூன்றாவது: "உங்கள் தளத்தில் கேச்சைத் தப்பாக அமைத்திருக்கிறீர்கள்." காரணத்தைத் தொட்டுவிட்டது, ஆளையும் குத்திவிட்டது. அந்த ப்ளகினைப் போட்டவர் படித்துக்கொண்டிருப்பவராகவே இருக்கலாம், அவருடைய தம்பியாகவும் இருக்கலாம். குறையைப் பொருளின் மேல் வையுங்கள், ஆளின் மேல் வேண்டாம். "தப்பாக அமைத்தீர்கள்" என்பதற்குப் பதில் "இப்படி அமைந்துவிட்டால் இது நடக்கும்" என்றால் போதும்.

நான்காவது: "கேச் போட்டதும் கார்ட் காலியாகத் தெரிந்தது, பெரும்பாலும் கார்ட் பக்கத்தையும் ப்ளகின் சேமித்துக்கொண்டதால் வருவது. கார்ட், செக்அவுட், அக்கவுண்ட் மூன்றையும் விலக்கிவிட்டால் கேச்சைத் திரும்பப் போடலாம், விற்பனை கெடாது."

இது தேறும். அவர் சொன்ன அறிகுறியில் தொடங்குகிறது, காரணத்தை அவர் மொழியில் சொல்கிறது, பயத்துக்குப் பதில் தருகிறது. "பெரும்பாலும்" என்ற சொல் அங்கே அலங்காரத்துக்கு இல்லை. நீங்கள் இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஹோஸ்டிங் பக்கத்துக் கேச்சாகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்லிவிட்டு அது தப்பென்று முதல் அழைப்பிலேயே தெரிந்தால் அங்கேயே முடிந்தது. அதற்காக "இருக்கலாம், ஒருவேளை, பார்க்க வேண்டும்" என்று மூன்று தயக்கத்தை ஒரே வரியில் அடுக்கினால் ஒன்றும் தெரியாதவர் போலத் தோன்றும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தயக்கச் சொல்.

தீர்வை முதல் வரியிலேயே கொடுத்துவிட்டால் அவரே செய்துகொள்ள மாட்டாரா என்று தோன்றும். செய்துகொள்ளக்கூடியவர் அறிவிப்பு போட்டிருக்க மாட்டார். மூன்று பக்கத்தை விலக்குவது வேலையில் ஒரு சிறு பகுதிதான். மொபைல் ஏன் மெதுவாக இருக்கிறது என்பது அப்படியே இருக்கிறது. காரணத்தைச் சொல்லுங்கள், படிப்படியான செய்முறையை எழுத வேண்டியதில்லை. இலவசமாக மாதிரி வேலை செய்து அனுப்புவதையும் தவிருங்கள். கூலி கொடுக்காமல் வேலை கேட்பதை அப்வொர்க் விதிகளே தடுக்கின்றன.

அறிவிப்பில் தள முகவரி இருந்தால் வேலை இன்னும் எளிது. `pagespeed.web.dev` திறந்து முகவரியைப் போட்டு, மொபைல் பகுதியைப் பாருங்கள். அங்கே வரும் ஸ்கோரை வரியில் எழுதுவதுதான் எல்லோரும் செய்வது, அது இரண்டு வகையில் காலை வாரும். ஒன்று, அந்த ஸ்கோர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும். நீங்கள் 34 என்று எழுத, அவர் போட்டுப் பார்க்கும்போது 47 வந்தால் நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடும். இரண்டாவது, அதே எண்ணைப் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். ஸ்கோரை விட்டுவிட்டு எல்சிபி என்ற அளவுக்குப் போங்கள். பக்கத்தின் கண்ணில் படும் பெரிய பொருள் எத்தனை நொடியில் வந்தது என்பதுதான் அது, 2.5 நொடிக்குள் வந்தால் நல்லது என்று கூகுள் வரையறுத்திருக்கிறது. அந்தப் பெரிய பொருள் எது என்பதையும் அறிக்கை காட்டும், பல கடைகளில் அது மேலே இருக்கும் பேனர் படம். பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து அந்தப் படத்தைத் தேடுங்கள். இப்படி ஒன்று கிடைக்க வாய்ப்பு உண்டு:

```
<img src="banner.jpg" loading="lazy">
```

கீழே இருக்கும் படங்களைத் தாமதமாக ஏற்றுவதற்கான அந்தச் சொல், முதலில் தெரிய வேண்டிய பேனரிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. படத்தைத் தனியாகத் திறந்து அளவைப் பாருங்கள், 2.3 எம்பி என்று வைத்துக்கொள்வோம். வரி இப்படி வரும்: "உங்கள் முகப்பின் பேனர் படம் 2.3 எம்பி, அதைத் தாமதமாக ஏற்றும்படி தளமே சொல்லிக்கொண்டிருக்கிறது. மொபைலில் முதலில் வெற்றிடம் தெரிவதற்கு இதுதான் பெரிய காரணம்." அவர் தன் போனை எடுத்துத் தளத்தைத் திறந்தால் அந்த வெற்றிடத்தைக் கண்ணால் பார்ப்பார். தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றைச் சொன்னவரின் பெயரை அவர் சொடுக்காமல் இருப்பது கடினம்.

எழுதும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அனுப்புகிற அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். நேற்று பார்த்த பேனரை அவர் இன்று மாற்றியிருந்தால் வரி செத்துவிடும்.

"வேர்ட்பிரஸ் தெரிந்தவர் வேண்டும், விவரம் நேரில்" என்று ஒற்றை வரி அறிவிப்பு வந்தால் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. அங்கே ஒரு கேள்வியோடு தொடங்கலாம், ஆனால் எந்தக் கேள்வியும் ஆகாது. "உங்கள் தேவை என்ன, கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா" என்றால் அவருக்கு வேலை வைக்கிறீர்கள். ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியதாகவும், பதிலைப் பொறுத்து வேலையின் அளவு மாறுவதாகவும் இருக்க வேண்டும். 300 பக்க பிடிஎஃபை எக்செல் ஆக்கும் வேலை ஒன்று வந்தால், "பிடிஎஃபில் எழுத்துகளை மவுஸால் தேர்ந்தெடுக்க முடிகிறதா, இல்லை ஸ்கேன் செய்த படமா? முதலாவது என்றால் பெரும்பகுதி தானாகவே வந்துவிடும், இரண்டாவது என்றால் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்க்க வேண்டிவரும்" என்று கேட்கலாம். கேட்ட கேள்வியே கேட்டவருக்கு வேலை தெரியும் என்று காட்டிவிடுகிறது. வேர்ட்பிரஸில் அப்படிப்பட்ட கேள்வி: தளம் எலிமென்ட்டர் போன்ற பேஜ் பில்டரில் கட்டியதா, இல்லை தீமிலேயே எழுதியதா என்பது.

மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஒரு செயலியைத் தமிழாக்கும் அறிவிப்பில் மாதிரிக் கோப்பு இணைத்திருந்தால், அதில் இந்த மாதிரித் துண்டுகள் இருக்கிறதா என்று பாருங்கள்:

```
"You have " + count + " new messages from " + name
```

தமிழில் பெயர் முன்னால் வர வேண்டும், எண்ணும் செய்தியும் பின்னால் வரும். துண்டு துண்டாக வெட்டிய வாக்கியத்தை எத்தனை நல்ல மொழிபெயர்ப்பாளராலும் ஒழுங்காக ஒட்ட முடியாது. "தாய்மொழி தமிழ், 100 சதவீதம் துல்லியம்" என்று எழுதும் கூட்டத்தில், "இந்த வரி நான்கு துண்டாக இருக்கிறது, தமிழில் சொல் வரிசை மாறுவதால் ஒரே வரியாக ஆக்கித் தந்தால்தான் திரையில் சரியாக வரும்" என்று எழுதுபவர் தனியாகத் தெரிவார்.

இனி முதல் வரியில் வந்து விழும் சில்லறைச் சிக்கல்கள்.

சில அறிவிப்புகளின் கடைசியில் "ப்ரொபோசலை ஆரஞ்சு என்ற சொல்லில் தொடங்கவும்" என்று இருக்கும். படிக்காமல் மொத்தமாக அனுப்புபவர்களை வடிகட்டத்தான் அது. சொன்னபடி செய்யுங்கள், ஆனால் அதற்கென்று ஒரு வரி ஒதுக்க வேண்டாம். சொல்லை வைத்து, ஒரு புள்ளி வைத்து, அதே வரியில் கண்டுபிடித்ததைத் தொடருங்கள். அந்தச் சொல்லை வைத்தவர்கள் எல்லோரும் முதல் சல்லடையைத் தாண்டியவர்கள்; அடுத்து அவர்களுக்குள் தேர்ந்தெடுக்க அவர் பார்ப்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவதைத்தான்.

பெயர் சொல்லி அழைப்பது நல்லது, தெரிந்தால். அப்வொர்க் அறிவிப்பில் கிளையண்டின் பெயரைக் காட்டுவதில்லை. ஆனால் பக்கத்தின் கீழே பழைய வேலைகளின் வரலாறு இருக்கும், அதில் ஃப்ரீலான்சர்கள் எழுதிய கருத்தில் பெயர் வந்திருக்கும். ஒரே பெயர் இரண்டு மூன்று கருத்தில், அண்மையிலும் வந்திருந்தால் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர் என்றால் அது பலர் வேலை கொடுக்கும் நிறுவனம். ஊகித்துத் தப்பான பெயரை எழுதுவதைவிட வெறும் ஹாய் மேல். எப்படியானாலும் அழைப்பும் முதல் வாக்கியமும் ஒரே வரியில் இருக்கட்டும்.

மின்னஞ்சல், வாட்ஸ்அப் எண், வெளியே பேசலாம் என்ற அழைப்பு எதுவும் எங்கும் வேண்டாம். ஒப்பந்தம் தொடங்கும் முன் தொடர்பு விவரம் பகிர்வது விதிமீறல், கணக்கே போகலாம். நட்சத்திரக் குறி, எமோஜி, முழுக்க பெரிய எழுத்து ஆகியவற்றைப் பார்த்ததும் மொத்தமாக அனுப்பியது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கேட்கும் தொகையை முதல் வரியில் குறைத்துச் சொல்லிக் கவர முயல்வதும் வீண். தொகை பட்டியலிலேயே தெரிகிறது. அதைவிட, குறைந்த விலை என்பதையே முதலில் சொல்பவரிடம் பேரம் பேசத்தான் தோன்றும்.

முதல் இரண்டு வாக்கியத்துக்குப் பின் என்ன வர வேண்டும் என்பதற்கு நீளமான பதில் தேவையில்லை. திறந்தவர் பார்க்க வேண்டியது அதே பேச்சின் தொடர்ச்சி. காபிக் கடைக்கு என்றால்: முதலில் தளத்தின் பிரதி ஒன்றில் கேச்சைப் போட்டு, இரண்டு வேறு போனில் இரண்டு வேறு பொருளைக் கார்ட்டில் போட்டுச் சோதிப்பேன், ஒன்றுக்கொன்று கலக்கவில்லை என்று உறுதியான பிறகே உண்மைத் தளத்தில் போடுவேன், அதற்குப் பின் மொபைலில் படங்கள். எத்தனை நாள், விளம்பரம் தொடங்கும் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் முடியும். செய்த வேலைகளில் இதற்கு மிக நெருங்கிய ஒன்று, ஒரே ஒன்று. கடைசியில் அவர் பதில் சொல்லச் சுலபமான ஒரு கேள்வி: அப்போது போட்ட இரண்டு ப்ளகினின் பெயர் என்ன? மொத்தம் 150 சொல்லுக்குள் முடிந்துவிடும். நீங்கள் இப்போது எழுதும் அனுபவ விளக்கம் போக வேண்டிய இடம் ப்ரொஃபைல்.

இப்படி எழுத ஒரு ப்ரொபோசலுக்குப் பத்து நிமிடமாவது ஆகும், ஆகவே எண்ணிக்கை குறையும். அதில் நஷ்டமில்லை. ப்ரொபோசல் அனுப்பச் செலவாகும் கனெக்ட் ஒன்று 0.15 டாலர். வேலைக்கு வேலை கனெக்ட்ஸ் மாறும் என்றாலும், ஒன்றுக்கு 12 போனதாக வைத்துக்கொண்டால் ஒரு ப்ரொபோசல் 1.80 டாலர், நீங்கள் அனுப்பிய 40க்கு 72 டாலர். அந்தப் பணத்தில் முக்கால்வாசி திறக்கவே போகாத இடத்தில் போயிருக்கலாம். அனுப்பும் முன் அறிவிப்பின் கீழே இருக்கும் விவரத்தைப் பாருங்கள். `Proposals` என்ற இடத்தில் `50+` என்றும், `Interviewing` என்ற இடத்தில் ஐந்தாறு பேர் என்றும் இருந்தால் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். அங்கே எந்த முதல் வரியும் பயன்படாது. `Last viewed by client` பல நாளுக்கு முன்பு என்றிருந்தால் அவர் பட்டியலைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். கனெக்ட்ஸ் ஏலம் போட்டு ப்ரொபோசலை மேலே ஏற்றும் பூஸ்ட் வசதியைப் பற்றியும் கேட்பீர்கள்: அது இடத்தை மாற்றும், வரியை மாற்றாது. டியர் ஹைரிங் மேனேஜர் மேலே போய் உட்கார்ந்தால் எல்லோருக்கும் முன்னால் ஒதுக்கப்படும், அவ்வளவுதான்.

மாற்றம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, ப்ரொஃபைலின் புள்ளிவிவரப் பக்கத்தில் அனுப்பியது, பார்க்கப்பட்டது, பேசியது, வேலை கிடைத்தது என்று எண்ணிக்கை இருக்கும். அடுத்த 20 ப்ரொபோசலுக்குப் படம், தலைப்பு, தொகை எதையும் தொடாமல் முதல் இரண்டு வரியை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. முன்பு 20க்கு இரண்டு திறப்பு, இப்போது மூன்று என்றால் அது தற்செயல், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஏழு எட்டு என்றால் வரி வேலை செய்கிறது.

இரண்டு மூன்றிலேயே நின்றுவிட்டால், அடுத்து மாற்ற வேண்டியது ப்ரொஃபைல் தலைப்பு. அதுவும் அதே பட்டியலில், உங்கள் வரிக்கு மேலேயே தெரிகிறது. "ஃபுல் ஸ்டாக் வெப் டெவலப்பர்" என்ற தலைப்பின் கீழே கார்ட் பிரச்சினையைப் பற்றிய வரி இருந்தால் இரண்டும் ஒட்டவில்லை. "வூகாமர்ஸ் வேகம், செக்அவுட் கோளாறு" என்றிருந்தால் ஒட்டும். திறப்பு கூடி, பதில் மட்டும் வரவில்லை என்றால் முதல் வரியைத் தொடாதீர்கள். அது தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு மூன்றாவது வாக்கியத்திலிருந்து கீழே, அல்லது கேட்கும் தொகையில்.